மூன்று விதிகளும் நடுவிலுள்ள இடமும்

ஒரு மோட்டார், அதிலிருந்து நீளும் தண்டு, தண்டின் மறுமுனையில் ஒரு பளு. பளு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து, நிற்கவேண்டிய கோணத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை K என்ற கெயினால் பெருக்கி மோட்டாருக்கு அனுப்புகிறோம். K சிறிதாக இருந்தால் பளு மெதுவாக ஊர்ந்து இடம் சேரும். கூட்டினால் வேகம் கூடும். மேலும் கூட்டினால் அசையத் தொடங்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் அசைவு அடங்காமல் வளரும். பொறியாளரிடம் இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லை எங்கே என்பது ஒன்று. எல்லையில் அசைவது யார், மோட்டாரின் சுற்றா, முறுக்கிக்கொள்ளும் தண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 1877-இலேயே ரவுத் ஒரு சோதனை தந்துவிட்டார். இரண்டாவதற்கு அந்தச் சோதனை வாய் திறக்காது. கையால் ரூட் லோகஸ் வரைவதன் பயன் இந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கேள்விக்கு எப்போது விடை உண்டு, எப்போது இல்லை என்பதையும் அதே வரைபடம் சொல்லிவிடுகிறது.

வால்டர் எவன்ஸ் இந்த முறையை 1948-இலும் 1950-இலும் இரண்டு கட்டுரைகளில் முன்வைத்தார். நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தில் விமானக் கட்டுப்பாட்டுச் சிக்கல்களோடு மல்லாடிக்கொண்டிருந்த பொறியாளர் அவர். சமன்பாட்டின் மூலங்களை ஒவ்வொரு K-க்கும் தனித்தனியாகக் கணக்கிடுவது அன்று நாள்கணக்கில் இழுக்கும் வேலை. எவன்ஸ் கேள்வியைத் திருப்பிப் போட்டார். K-ஐக் கொடுத்து மூலத்தைத் தேடவேண்டாம். தளத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒரு K-க்கு இது மூலமாக இருக்கமுடியுமா என்று கேட்போம். அதற்கு விடை கோணங்களில் இருக்கிறது. சுழியங்கள் இல்லாத அமைப்பில், ஒவ்வொரு துருவத்திலிருந்தும் அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து, மெய் அச்சோடு அது செய்யும் கோணத்தை அளந்து, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை 180° அல்லது அதன் ஒற்றைப்படை மடங்கு என்றால் புள்ளி பாதையில் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. K எவ்வளவு என்பது அடுத்த வேலை: அதே கோடுகளின் நீளங்களைப் பெருக்கினால் வந்துவிடும். கோணங்களைக் கூட்டவும் நீளங்களைப் பெருக்கவும் ஸ்பைரூல் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் கருவியையும் அவர் செய்தார். பாடப்புத்தகங்கள் எட்டு, பத்து என்று வரிசைப்படுத்தும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கோண நிபந்தனையை வெவ்வேறு இடங்களில் நின்று பார்த்ததால் வந்தவை.

நம் மோட்டாருக்கே எண்கள் கொடுத்துப் பார்க்கலாம். வேகம் கோணமாகச் சேர்வதால் 0-வில் ஒரு துருவம். மோட்டார் கால் நொடி தாமதித்து வேகம் பிடிப்பதால் −4-இல் இன்னொன்று. தண்டின் அதிர்வுக்கு −a ± j4 என்று ஒரு கலப்பெண் ஜோடி. இதில் a என்பது அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதன் அளவு. தணிப்பு குறைந்த தண்டுக்கு a = 1 என்றும், நன்கு தணிந்த தண்டுக்கு a = 3 என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு துருவங்கள், சுழியம் ஏதும் இல்லை. ஆகவே நான்கு கிளைகளும் முடிவிலிக்குப் போயாகவேண்டும். மெய் அச்சில் 0-வுக்கும் −4-க்கும் நடுவிலுள்ள துண்டு மட்டும் பாதையில் சேரும். அங்கே நிற்கும் புள்ளிக்கு வலப்பக்கத்தில் ஒரே ஒரு மெய்த் துருவம் இருப்பதால் கோணம் சரியாக 180° ஆகிறது. கலப்பெண் ஜோடியின் இரண்டு கோணங்களும் மேலும் கீழுமாக ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன.

முதலில் வெகுதூரம் போய் நின்று பார்ப்போம். மிகத் தொலைவிலிருந்து பார்க்கும்போது ஒரு கோயிலின் நான்கு கோபுரங்களும் ஒரே திசையில் தெரிவதுபோல, நான்கு துருவங்களும் அங்கிருந்து ஒரே கோணத்தில் தெரிகின்றன. நான்கு மடங்கு கோணம் 180°-இன் ஒற்றைப்படை மடங்கு ஆகவேண்டும் என்றால் கோணம் 45°, 135°, −45°, −135° ஆகியவற்றில் ஒன்றுதான். இவையே தொலைத்தொடுகோடுகள். அவை புறப்படும் இடம் துருவங்களின் சராசரி: a = 1 என்றால் −1.5, a = 3 என்றால் −2.5. இந்த விதி இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இரண்டு கிளைகள் வலப்பக்கம் சாய்ந்து கற்பனை அச்சைத் தாண்டும், எனவே K-க்கு ஓர் எல்லை உண்டு. இன்னும் இரண்டு கிளைகள் இடப்பக்கம் போய் ஆபத்தில்லாமல் ஒதுங்கும். ஆனால் வலப்பக்கம் போகிறவை எங்கிருந்து கிளம்பியவை என்று இந்த விதிக்குத் தெரியாது. அது நிற்கும் தொலைவிலிருந்து மோட்டாரையும் தண்டையும் பிரித்தறிய வழியில்லை. இரண்டு தண்டுகளுக்கும் படம் ஒன்றுபோலவே தெரிகிறது. ஓர் அலகு தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

இனி எதிர்க்கோடிக்கு வருவோம்: தண்டின் மேல் துருவத்துக்கு மிக அருகில் ஒரு புள்ளி. அதிலிருந்து பார்க்கும்போது மற்ற மூன்று துருவங்களின் கோணங்களும் ஏறத்தாழ மாறாதவை. மாறக்கூடியது பக்கத்திலிருக்கும் துருவத்தின் கோணம் மட்டும். எனவே 180°-இலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் கிளை எந்தத் திசையில் புறப்படுகிறது என்பது கிடைத்துவிடும். a = 1 என்றால் 0-விலிருந்து 104°, −4-இலிருந்து 53°, கீழ்த் துருவத்திலிருந்து 90°; மொத்தம் 247°. புறப்பாட்டுக் கோணம் −67°. அதாவது கிளை கீழே இறங்கியபடி வலப்பக்கம், ஆபத்தை நோக்கிச் சாய்கிறது. a = 3 என்றால் அந்தக் கோணங்கள் 127°, 76°, 90°; மொத்தம் 293°, புறப்பாடு −113°. கிளை கீழே இறங்கியபடி இடப்பக்கம் சாய்கிறது. தொலைத்தொடுகோடுகளுக்குத் தெரியாத வேறுபாடு இங்கே முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது. தணிப்பு குறைந்த தண்டில் K-ஐ ஏற்றினால் அதிர்வு அடங்குவதற்கு இன்னும் நேரமாகும். நன்கு தணிந்த தண்டில் K ஏறும்போது அதே அதிர்வு இன்னும் விரைவாக அடங்கும்.

புறப்பாட்டுக் கோணம் கிளையின் முதல் அடிக்கு மட்டுமே உத்தரவாதம் என்பதையும் மறக்கக்கூடாது. a = 1 தண்டில் −67° திசையிலேயே நேராகப் போய், உயரம் 3.57-க்கு இறங்கும்போது −0.82-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே நின்று நான்கு கோணங்களையும் கூட்டினால் 103 + 48 − 67 + 89 = 173°. ஏழு பாகை குறைகிறது. புள்ளி பாதையில் இல்லை. கோணத்தைக் கூட்ட எந்தப் பக்கம் நகரவேண்டும்? நான்கில் மிக வேகமாக மாறுவது பக்கத்துத் துருவத்தின் கோணம். வலப்பக்கம் நகர்ந்தால் அது −67°-இலிருந்து மேலேறும். −0.72-க்கு நகர்த்தினால் 101, 47, −57, 88 என்று கிட்டத்தட்ட 180° ஆகிவிடுகிறது. கிளை தன் தொடுகோட்டைவிட இன்னும் கூடுதலாக வலப்பக்கம் வளைகிறது என்பது இந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது. எவன்ஸின் காலத்தில் பொறியாளர்கள் இப்படித்தான் வேலை செய்தார்கள். இந்தச் சோதனையில் எந்தத் துருவம் கோணத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கை அறிந்துகொள்கிறது. பாதையை இடப்பக்கம் இழுக்கவேண்டும் என்றால் எங்கே ஒரு சுழியத்தை வைக்கலாம் என்ற அடுத்த யோசனைக்கும் இதே கோணக்கணக்குதான் அடிப்படை.

மூன்றாவது விதி பிரிபுள்ளி. 0-விலிருந்தும் −4-இலிருந்தும் வரும் இரண்டு மூலங்கள் மெய் அச்சில் எதிரெதிரே நகர்ந்து, மோதி, மேலும் கீழுமாகப் பிரிகின்றன. மோதும் இடத்தில் அந்தத் துண்டில் K உச்சம் தொடுவதால், s-ஐப் பொறுத்து K-இன் வகைக்கெழுவைச் சுழியமாக்கினால் இடம் கிடைக்கும். a = 3 தண்டுக்கு அது 4s³ + 30s² + 98s + 100 = 0 என்ற முப்படிச் சமன்பாடு. அதன் மெய்த் தீர்வு −1.715, அங்கே K ஏறத்தாழ 69. மற்ற இரண்டு தீர்வுகள் −2.89 ± j2.49. மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. சமன்பாடு தந்தது என்பதற்காக அவற்றையும் பிரிபுள்ளிகளாகக் குறித்துவிடுகிறார்கள். வகைக்கெழு சுழியம் ஆவது தேவையான நிபந்தனை, ஆனால் அது மட்டும் போதாது. புள்ளி முதலில் பாதையில் இருக்கவேண்டும். −2.89 + j2.49-இல் கோணங்களைக் கூட்டினால் 208° வருகிறது. அந்தப் புள்ளி பாதையில் இல்லை, அங்கே எதுவும் மோதவில்லை. ஆனாலும் அந்தப் பொய்த் தீர்வை உடனே அழித்துவிட வேண்டாம். பாதையிலிருந்து 28° மட்டுமே விலகி நிற்கிறது. மோதல் ஒன்று அருகில் தவறிப்போயிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வரலாம். கற்பனை அச்சைத் தாண்டும் இடத்தை ரவுத் சோதனை கொடுக்கிறது: a = 1 என்றால் K ஏறத்தாழ 155, அப்போது அசைவின் வேகம் நொடிக்கு 3.37 ரேடியன்; a = 3 என்றால் K = 390, வேகம் 3.16. தாண்டுவது எந்த ஜோடி என்பதை அறிய இன்னொரு சிறு உண்மை உதவுகிறது. K சமன்பாட்டின் கடைசி உறுப்பில் மட்டும் இருப்பதால் நான்கு மூலங்களின் கூட்டுத்தொகை K ஏறினாலும் மாறாது. ஒரு ஜோடி வலப்பக்கம் போனால் மற்றது அதே அளவு இடப்பக்கம் போகவேண்டும். a = 3 தண்டில் மோட்டாரின் இரண்டு மூலங்களும் −1.715-இல் சந்திக்கும் நேரத்தில், மொத்தம் −10-இல் மீதி −6.57 தண்டின் ஜோடிக்கு. எனவே அது −3-இலிருந்து −3.29-க்கு ஒதுங்கியிருக்கிறது. எல்லையில் அது −5-க்கே போய்விடுகிறது. தாண்டியது மோட்டாரின் ஜோடி. a = 1 தண்டில் நேர்மாறு: அங்கே மோட்டாரின் மூலங்கள் −2.29-இல் சந்தித்து இடப்பக்கம் ஒதுங்க, தண்டின் ஜோடிதான் −1-இலிருந்து −0.72-க்கு வந்து, பிறகு அச்சையும் தாண்டுகிறது. மூன்று விதிகளும் தம்தம் துண்டைச் சொல்ல, கூட்டுத்தொகை அவற்றைத் தைத்துவிட, விடை வந்துவிட்டது. வைத்தியமும் இதைப் பொறுத்தே அமையும். தண்டு குற்றவாளி என்றால் அந்த அதிர்வைத் தணிக்கவோ வடிகட்டவோ வழி தேடவேண்டும். மோட்டாரின் சுற்று குற்றவாளி என்றால் அதற்கு முன்கூட்டியே எதிர்வினை தரும் ஈடுசெய்யும் சுற்றைத் தேடவேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு எளிதானது, நியாயமானதும்கூட. இத்தனை பாடும் எதற்கு? மேட்லேபில் இரண்டு வரி போதும்.

```
s = tf('s');
rlocus(1/(s*(s+4)*(s^2+6*s+25)))
```

ஒரு நொடியில் முழுப் பாதையும் திரையில் வந்துவிடும், கையால் வரைந்ததைவிடப் பலமடங்கு துல்லியமாக. துல்லியத்தைப் பொறுத்தவரை இதற்கு மறுபேச்சு இல்லை. இறுதி வடிவமைப்பைக் கையால் வரைந்த படத்தை நம்பி யாரும் செய்யக்கூடாது. ஆனால் திரையிலுள்ள கோட்டில் எல்லாப் புள்ளிகளும் ஒரே உறுதியோடு நிற்கின்றன. எந்தத் துண்டு எதனால் அப்படி இருக்கிறது, துருவம் ஒன்று சற்று நகர்ந்தால் எந்தத் துண்டு அசையாது, எந்தத் துண்டு தலைகீழாகும் என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லமுடியாது. கையால் வரைந்தவரிடம் கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாத துண்டு எது என்பதும் அவருக்குத் தெரியும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது a = 2 என்று வைக்கும்போது வெளிப்படுகிறது.

a = 2 என்றால் நான்கு துருவங்களும் −2 என்ற செங்குத்துக் கோட்டுக்கு இருபுறமும் சமச்சீராக அமைந்துவிடுகின்றன. தொலைத்தொடுகோடுகளின் மையமும் −2. புறப்பாட்டுக் கோணம் சரியாக −90°. கிளை வலமும் சாயாமல் இடமும் சாயாமல் நேர்கீழே இறங்குகிறது. மெய் அச்சில் பிரிபுள்ளி −2. அங்கிருந்து நான்கு துருவங்களுக்கும் தூரம் 2, 2, 4, 4. பெருக்கினால் K = 64. பிரிந்த கிளை நேர்மேலே ஏறுகிறது. மேலிருந்து இறங்குவதும் கீழிருந்து ஏறுவதும் ஒரே கோட்டில், மோதாமல் தீராது. s² + 4s-ஐ ஒரே மாறியாக எடுத்தால் சமன்பாடு இருபடியாகச் சுருங்கி, மோதும் இடம் −2 ± j2.45 என்றும் அப்போது K = 100 என்றும் தெரிகிறது. முன்பு a = 3-இல் பொய்த் தீர்வாக விலகி நின்றது இங்கே மெய்யான பிரிபுள்ளியாகிவிட்டது. மோதிய இரண்டில் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் பிரிந்து, K = 260-இல் வலக்கிளை கற்பனை அச்சைத் தாண்டுகிறது. தாண்டியது தண்டா, மோட்டாரா? இந்தக் கேள்விக்கு இங்கே விடையே கிடையாது. மோதலுக்குப் பிறகு இரண்டு மூலங்களில் எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த அடையாளமும் மிஞ்சுவதில்லை.

இங்கே வலுவான இரண்டாவது மறுப்பு எழுகிறது. a = 1.9 என்றால் தண்டின் கிளை வலப்பக்கம் போகிறது, a = 2.1 என்றால் மோட்டாரின் கிளை போகிறது. படம் தலைகீழாக மாறுகிறது. ஆனால் நிலைத்தன்மையின் எல்லை 249, 260, 271 என்று அமைதியாக நகர்கிறது. இயந்திரத்தின் நடத்தையில் எந்தப் புரட்சியும் இல்லை. அப்படியானால் கிளைகளைப் பின்தொடர்ந்து 'யார் குற்றவாளி' என்று கேட்பதே வரைபடம் உண்டாக்கிய மாயை அல்லவா? இந்த மறுப்பில் பாதி சரி. ஒரு குறிப்பிட்ட K-யில் இயந்திரத்திடம் இருப்பது நான்கு மூலங்கள் மட்டுமே. கிளை என்பது K-ஐ மாற்றிப் பார்க்கும் நாம் அவற்றைக் கோத்த விதம். a = 2-க்கு அருகில் அந்தக் கோர்வையை நம்பி வைத்தியம் பார்ப்பது தவறு. ஆனால் அதிலிருந்து கோர்வையே பொய் என்று முடிவுகட்ட முடியாது. a = 1-இலும் a = 3-இலும் கிளைகள் மோதும் அளவுக்கு நெருங்காமல் விலகியே போகின்றன; எந்த மூலம் எங்கிருந்து வந்தது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. கேள்வி பொருளற்றுப் போவது மோதலின் அக்கம்பக்கத்தில் மட்டுமே. அந்த அக்கம்பக்கத்தைக் காட்டிக்கொடுப்பவை நாம் ஏற்கெனவே கணக்கிட்ட குறிகளே: −90°-ஐ ஒட்டிய புறப்பாட்டுக் கோணம், பாதையிலிருந்து சில பாகையே விலகி நிற்கும் கலப்பெண் தீர்வு.

அந்த இடம் வேறொரு வகையிலும் ஆபத்தானது. K = 100-இல் நிறுத்தி, a-வை 2-இலிருந்து 2.1-க்கு மாற்றினால், −2 + j2.45-இல் ஒன்றாக இருந்த இரண்டு மூலங்களும் ஏறத்தாழ −1.73 + j2.13, −2.37 + j2.77 என்று பிரிந்துவிடுகின்றன. தண்டின் தணிப்பு 0.1 மாற, மூலங்கள் சராசரியாக 0.45 நகர்கின்றன. இரட்டை மூலத்தின் நகர்வு, மாற்றத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. மாற்றம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அதோடு ஒப்பிடும்போது நகர்வு பெரிதாகிறது. எண்ணெய் பிசுபிசுப்பு மாறினாலே, வெயிலில் தண்டு சூடேறினாலே தணிப்பு இவ்வளவு மாறக்கூடும். எனவே கலப்பெண் பிரிபுள்ளி ஒன்று படத்தில் தென்பட்டால், அதை ஒட்டிய K-யில் இயந்திரத்தை ஓட்டும் திட்டத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும். K-ஐப் படிப்படியாக ஏற்றிப் புள்ளிகளைக் கோடாக இணைக்கும் நிரலும் இங்கேதான் தடுமாறும். எந்தப் புள்ளியை எதனோடு இணைப்பது என்று அது அருகாமையை வைத்து முடிவு செய்தால், இரண்டு மூலங்கள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் அந்த முடிவு படியின் அளவைப் பொறுத்ததாகிவிடும். திரையில் வரும் அழகான கோடு இந்தத் தயக்கத்தைக் காட்டாது.

ஆகவே கையால் வரைவதைக் கற்பிக்கும் முறையில் ஒரு மாற்றம் தேவை என்று நினைக்கிறேன். விதிகளை வரிசையாக ஒப்பித்து, கடைசியில் ஒரு வழவழப்பான வளைகோட்டால் எல்லாவற்றையும் இணைத்துவிடுவது இன்றைய வழக்கம். அந்த வழவழப்பு படத்தின் மிக முக்கியமான செய்தியை மறைத்துவிடுகிறது. புறப்பாட்டுக் கோணம் துருவத்தின் அருகில் மட்டும் உண்மை. தொலைத்தொடுகோடு தொலைவில் மட்டும் உண்மை. பிரிபுள்ளி மோதும் இடத்தில் மட்டும் உண்மை. இந்தத் துண்டுகளை அழுத்தமாக வரைந்து, இடைவெளியைப் புள்ளிக்கோடாக விட்டு, அதில் இரண்டு மூன்று இடங்களில் கோணங்களைக் கூட்டிப் பார்த்த பிறகே அதை நிரப்பவேண்டும். அப்படிச் செய்தவருக்கு a = 1 தண்டில் 'தண்டைத் தணியுங்கள்' என்று சொல்லவும், a = 3-இல் 'தண்டை விட்டுவிடுங்கள்' என்று சொல்லவும் ஆதாரம் இருக்கும்; a = 2-இல் இரண்டையும் சொல்லாமல், மோதல் நிகழும் K-யிலிருந்து விலகியே இயந்திரத்தை ஓட்டவேண்டும் என்று சொல்லவும் தெரியும். துல்லியமான எண்கள் வேண்டுமென்றால் கணினியிடம் போகலாம். அந்த எண்களில் எவற்றை நம்பி இயந்திரத்தில் கைவைக்கலாம் என்பதைக் கணினியிடம் போகும் முன்பே இந்த மூன்று விதிகளிடமிருந்து தெரிந்துகொண்டு போகவேண்டும்.